டார்கெட் போன காலாண்டுக்குப் பிறகு டீமிடம் என்ன பேசினேன்

மூன்று மாத டார்கெட் கைநழுவிப் போன பிறகு நடக்கும் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மனதில் கம்பெனியின் வளர்ச்சி ஓடுவதில்லை. இன்சென்டிவ் போச்சு, அதை நம்பி வைத்திருந்த செலவுக்கு என்ன செய்வது, இன்றைக்கு யார் தலை உருளப் போகிறது, போன காலாண்டில் விட்டதையும் சேர்த்து அடுத்த காலாண்டு தலையில் ஏற்றிவிடுவார்களா, இவ்வளவுதான் ஓடும். இந்த நான்கு கேள்விக்கும் பதில் இல்லாமல் "நம்மால் முடியும்" என்று ஆரம்பிக்கிற எந்தப் பேச்சும் அந்த அறையைத் தாண்டாது. கைதட்டுவார்கள், சாப்பிடுவார்கள், கிளம்பிவிடுவார்கள்.

நான் சோப்பு, ஷாம்பூ, துணி துவைக்கிற பவுடர் விற்கிற ஒரு கம்பெனியில் ஏரியா மேனேஜர். மதுரையைச் சுற்றி, தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம் வரை எங்கள் ஏரியா. எனக்குக் கீழே ஐந்து சேல்ஸ் ஆபீசர்கள், அவர்களுக்குக் கீழே ஏஜென்சிகள், ஏஜென்சி சம்பளத்தில் லைனுக்கு, அதாவது ஒரு நாளில் சுற்ற வேண்டிய கடை வரிசைக்கு, போகிற சேல்ஸ்மேன்கள். 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் நாங்கள் டார்கெட்டைத் தொடவில்லை. அதற்குப் பிறகு அக்டோபர் 3 அன்று டீமை உட்கார வைத்துப் பேசினேன். அந்தப் பேச்சுக்கு எப்படித் தயாரானேன், என்ன சொன்னேன், அதில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதை எழுதுகிறேன். இதே வேலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

அந்தக் காலாண்டில் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் செங்கோட்டையில் பேசும்போது தீபாவளிக்குள் ஜிஎஸ்டி குறையும் என்றார். செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் கூடி முடிவெடுத்தது. குளியல் சோப்பு, ஷாம்பூ, தலைக்கு வைக்கிற எண்ணெய், டூத்பேஸ்ட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கும், செப்டம்பர் 22 முதல் அமல் என்று அறிவிப்பு வந்தது. வாங்குகிற ஜனங்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் மளிகைக் கடை அண்ணாச்சி இடத்தில் நின்று பாருங்கள். இன்றைக்கு 118 ரூபாய் விலை போட்ட பாட்டில் ஒன்று, வரி குறைந்ததும் 105 ரூபாய்க்கு வரப்போகிறது. இன்று வாங்கி அடுக்கினால் நாளைக்குப் பழைய விலைச் சரக்கை எவன் வாங்குவான்? அதனால் இருக்கிறதை விற்றுத் தீர்ப்போம், புதிதாக எடுக்க வேண்டாம் என்று அத்தனை கடையும் ஒரே நேரத்தில் கையை இறுக்கிக்கொண்டது. ஏஜென்சிக்காரருக்கும் அதே பயம்தான். 18 சதவீதம் வரி கட்டி வாங்கிய சரக்கை 5 சதவீதத்தில் விற்க வேண்டும். கட்டிய வரி கிரெடிட்டில் இருக்கத்தான் செய்யும், தொலைந்து போகாது. ஆனால் விற்கிற வரி குறைவாக இருப்பதால் அந்த கிரெடிட் மெதுவாகத்தான் கழியும், அதுவரை அவர் பணம் அங்கேயே மாட்டிக்கொண்டு கிடக்கும். ஆகவே அவரும் குடோனைக் காலி செய்வதிலேயே குறியாக இருந்தார். 22ஆம் தேதிக்குப் பிறகும் புது விலைச் சரக்கு எல்லா அளவிலும் உடனே வந்து சேரவில்லை. காலாண்டு முடிய இருந்ததே எட்டொன்பது நாள்தான்.

இப்படி ஒரு காரணம் கையில் இருக்கும்போது மீட்டிங் மிகச் சுலபம் என்று தோன்றும். "எல்லாம் ஜிஎஸ்டியால் வந்தது, உங்கள் மேல் குற்றம் இல்லை, தீபாவளிக்கு அடிச்சுத் தூக்குவோம்" என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. பல ஏரியாக்களில் அப்படித்தான் பேசினார்கள். இன்னொரு பக்கம், "காரணம் சொல்லாதே, நம்பர் கொடு" என்று ஏறுகிறவர்களும் இருந்தார்கள். என் அபிப்பிராயத்தில் இரண்டுமே ஆட்களைக் கெடுக்கும், முதலாவது கொஞ்சம் அதிகமாகவே கெடுக்கும். ஏனென்றால் லைனுக்குப் போகிறவனுக்கு உண்மை தெரியும். எந்தத் தெருவுக்குப் போகவில்லை, எந்தக் கடையைத் தாண்டி வந்தோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறபோது மேனேஜர் எழுந்து நின்று எல்லாம் வரியால் என்று சொன்னால், இந்த ஆளுக்குக் களம் தெரியாது என்று அவன் முடிவு கட்டிவிடுவான். அதற்கப்புறம் நாம் சொல்கிற எதுவும் ஏறாது.

அதனால் பேசுவதற்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டேன். விழுந்ததில் எவ்வளவு வெளியிலிருந்து வந்தது, எவ்வளவு நம்மிடமிருந்து வந்தது என்று பிரிக்கிற கணக்கு. கம்பெனி பார்க்கிற எண் பிரைமரி, அதாவது கம்பெனி ஏஜென்சிக்குப் போட்ட பில். ஏஜென்சிகள் சரக்கைக் குறைத்துக்கொண்டதால் அது இன்னும் மோசமாக விழுந்திருந்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, ஏஜென்சி கடைக்குப் போட்ட பில்லை, செகண்டரியை மட்டும் எடுத்தேன். சேல்ஸ்மேன் உழைப்பு தெரிகிற இடம் அதுதான். உண்மையான ரூபாயை இங்கே எழுத முடியாது, அதனால் டார்கெட்டை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உடம்புக்கானவை, அதாவது குளியல் சோப்பு, ஷாம்பூ, எண்ணெய், 60. துணிக்கானவை, அதாவது சலவைப் பவுடரும் சலவை சோப்பும், 40. நாங்கள் முடித்தது 84. முதல் பிரிவில் 11 குறைவு, இரண்டாவதில் 5 குறைவு.

துணிப் பவுடருக்கும் சலவை சோப்புக்கும் ஜிஎஸ்டி குறையவே இல்லை. அவை 18 சதவீதத்திலேயே நின்றன. ஆக அந்த 5 எப்படி விழுந்தது?

இதை வைத்து மட்டும் அந்த 5 முழுக்க எங்கள் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஷாம்பூ வேண்டாம் என்கிற கடைக்காரர் பல நேரம் "இந்த வாரம் ஒன்னும் வேணாம்ப்பா" என்று மொத்தமாக அனுப்பிவிடுவார். ஏஜென்சியின் பணம் பழைய சரக்கில் சிக்கியிருந்தால் பவுடர் எடுப்பதையும் குறைப்பார். அதனால் இரண்டாவதாகத் தேதியை வைத்துப் பிரித்தேன். ஆகஸ்ட் 15க்கு முன்னால் கடைத்தெருவில் யாரும் ஜிஎஸ்டி குறையும் என்று பேசவில்லை. ஆகஸ்ட் 14 மாலை வரைக்கும் நாங்கள் இருக்க வேண்டிய இடத்துக்கு 4 பின்தங்கி இருந்தோம். அந்த நான்கில் மூன்று துணிப் பிரிவில் விழுந்தது. ஆக, மொத்தம் விழுந்த 16இல் 4 சந்தேகமில்லாமல் நம்முடையது. ஆகஸ்ட் 15க்குப் பிறகு உடம்புப் பிரிவில் விழுந்த 10 வரியால் வந்தது. துணிப் பிரிவில் பிற்பகுதியில் விழுந்த 2 இரண்டும் கலந்தது, அதைப் பற்றி வாதாடிப் பயனில்லை.

பொருளை வைத்து ஒரு தடவை, தேதியை வைத்து ஒரு தடவை பிரிப்பது எந்தக் காலாண்டுக்கும் பொருந்தும். வெளியிலிருந்து வந்த காரணம் எதுவாக இருந்தாலும் அது தொடாத ஒரு பொருள் இருக்கும், அது தொடங்காத ஒரு காலம் இருக்கும். அந்த இரண்டு இடத்திலும் விழுந்திருந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

தேடுவதற்கு லேப்டாப் போதாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை துணிப் பவுடரோ சோப்போ வாங்கி, ஜூலையில் ஒரு பில்கூடப் போடாத கடைகளின் பட்டியலை ஆர்டர் ஆப்பிலிருந்து எடுத்துக்கொண்டு, மீட்டிங்குக்கு முந்தைய வாரம் சேல்ஸ்மேன்களோடு லைனில் போனேன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு லைன். அந்த ஏஜென்சியில் ஒரு பையன் ஜூன் கடைசியில் வேலையை விட்டுப் போய்விட்டான், அவனுடைய லைன்களையும் இன்னொருவரே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் இரண்டு பேர் லைனைப் பார்த்தால் வாரம் ஒருமுறை போக வேண்டிய கடைக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் போக முடியும். ஷாம்பூ சரம் பத்து நாள் தொங்கும். பத்து ரூபாய் சலவை சோப்பு கிராமத்துக் கடையில் நாலைந்து நாளில் தீர்ந்துவிடும். தீர்ந்தால் அண்ணாச்சி காத்திருக்க மாட்டார், வேன் போட்டு வருகிற உள்ளூர்ச் சோப்பை இறக்கிவிடுவார். அடுத்த முறை நம் ஆள் போகும்போது அலமாரியில் இடம் இருக்காது.

அதே உசிலம்பட்டி லைனில் ஒரு கடையில் வேறு கதை. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே கிழிந்து கொட்டிய பவுடர் பாக்கெட்டுகள். "மே மாசத்துல இருந்து வச்சிருக்கேன். இத முதல்ல எடுத்துட்டுப் போங்க, அப்புறம் ஆர்டர் பேசலாம்" என்றார். கூட வந்த சேல்ஸ்மேன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் எடுக்காமல் இல்லை. எடுத்தால் ஏஜென்சி முதலாளி வாங்க மாட்டேன் என்கிறார், ஏனென்றால் ஏற்கெனவே அனுப்பிய டேமேஜ் கிளெயிம் கம்பெனியில் பாஸ் ஆகாமல் கிடக்கிறது. அப்படிப்பட்ட கடையைப் பார்க்க சங்கடமாக இருக்கும், அதனால் சேல்ஸ்மேன் அந்தத் தெருவையே தவிர்ப்பார். ஆப்பில் "கடை மூடியிருந்தது" என்று பதிந்திருக்கும். ஒரே கடை மூன்று வாரம் தொடர்ந்து அதே கிழமையில் மூடியிருப்பதாகப் பதிவாகியிருந்தால் அங்கே ஏதோ ஒரு பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். இது நான் பல வருடமாகப் பார்த்து வருகிற விஷயம்.

ஆக எங்களுடைய 4 என்று நான் எடுத்து வைத்ததிலும் இரண்டு வகை இருந்தது. போகாமல் விட்ட தெருக்கள் லைனில் இருப்பவர்கள் சரிசெய்ய வேண்டியவை. ஆளில்லாத லைனும் பாஸாகாத கிளெயிமும் மேலே இருப்பவர்கள் சரிசெய்ய வேண்டியவை. அதைச் சரிசெய்யாமல் சேல்ஸ்மேனிடம் உற்சாகமாகப் பேசுவது நியாயமே இல்லை. அதனால் மீட்டிங்குக்கு முன்னாலேயே ரீஜினல் மேனேஜரிடம் போனில் பேசினேன். மூன்று விஷயம் கேட்டேன். சிறிய தொகை டேமேஜ் கிளெயிம்களை ஏரியா அளவிலேயே பாஸ் செய்ய அனுமதி வேண்டும். போன காலாண்டில் விட்டதை அக்டோபர் டார்கெட்டோடு கூட்டக் கூடாது. வரியால் விழுந்த பங்குக்குப் போன காலாண்டு இன்சென்டிவில் ஏதாவது தர வேண்டும். முதல் இரண்டும் கிடைத்தன. மூன்றாவதற்கு முடியாது என்றார்.

மீட்டிங்குக்கு முன்னால் செய்த இன்னொரு வேலை, ஐந்து ஆபீசர்களிடமும் தனித்தனியாகப் பேசியது. ஒருவருடைய எண் மற்ற நான்கு பேர் முன்னால்தான் அவருக்கே முதன்முதலில் தெரிய வருகிறது என்றால், அவர் அந்த நிமிடத்திலிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்வதில்தான் மூளையைச் செலவழிப்பார். தனியாகப் பேசும்போது அவரே சொல்லிவிடுவார். தேனியைப் பார்க்கிற ஆபீசர், என்னைவிட வயதில் மூத்தவர், நான் கேட்கும் முன்னாலேயே, "சார், கம்பம் ஓகே. போடிப் பக்கம் நாலு லைன் சரியில்ல, அதுல ரெண்டு நான் போயே பாக்கல" என்றார். அதைச் சபையில் கேட்டிருந்தால் ஜிஎஸ்டி என்றுதான் பதில் வந்திருக்கும்.

அக்டோபர் 1 ஆயுத பூஜை, 2 காந்தி ஜெயந்தி. 3ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு லாட்ஜ் ஹாலில் ஆபீசர்களும் சேல்ஸ்மேன்களும் கூடினோம். காலையிலேயே வைத்ததற்குக் காரணம், மதியச் சாப்பாட்டோடு முடித்துவிட்டால் தூரத்தில் இருந்து வந்தவர்கள் இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்து, சனிக்கிழமை லைனுக்குப் போக முடியும். பேசியதை மறுநாளே செய்கிற மாதிரி இருக்க வேண்டும். திங்கட்கிழமை வரை இடைவெளி விட்டால் பாதி ஆவியாகிவிடும்.

கெட்ட செய்தியை முதலில் சொன்னேன். "போன மூணு மாச இன்சென்டிவ் வராது. நான் கேட்டுப் பாத்தேன், முடியாதுன்னு சொல்லிட்டாங்க. இதுக்கு மேல அதுல எதுவும் நடக்கும்னு எதிர்பார்க்க வேண்டாம்." ஹால் அமைதியாகிவிட்டது. ஒருவர் எழுந்து வெளியே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தார். நான் அதற்கு ஒரு நிமிடம் விட்டேன். இதைக் கடைசிக்கு வைத்திருந்தால் அது வரைக்கும் எல்லோரும் அதற்காக மட்டும்தான் காத்திருப்பார்கள், நடுவில் சொல்கிற எதுவும் காதில் விழாது.

அப்புறம் போர்டில் மூன்று எண்களை எழுதினேன். 10, 2, 4.

"பதினாறு விட்டுட்டோம். இதுல பத்து வரியால வந்தது. அந்தப் பத்துக்கு இந்த ரூம்ல இருக்கிற யாரும் பொறுப்பில்ல, அத நினைச்சு யாரும் தலை குனிய வேணாம். யாரா இருந்தாலும் அந்த மூணு வாரம் ஷாம்பூ வித்திருக்க முடியாது. ரெண்டு கலப்படம், விட்டுருவோம். இந்த நாலு மட்டும் பேசுவோம். பவுடருக்கு வரி குறையல. ஆகஸ்ட் பதினஞ்சுக்கு முன்னாடியே இது போச்சு."

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பையன் சட்டென்று, "சார், டேமேஜ் எடுக்காம எப்படி சார் பவுடர் கேக்குறது?" என்றான். இது நான் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி. அதை அவர்கள் வாயால் கேட்டது ரொம்ப நல்லதாகப் போயிற்று. நாலில் பாதி கம்பெனி பக்கத்துப் பிரச்சினை என்று ஒப்புக்கொண்டேன். உசிலம்பட்டி அண்ணாச்சியின் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். சிறிய கிளெயிம்களை இனி ஏரியாவிலேயே பாஸ் செய்யலாம், திங்கட்கிழமை முதல் அந்தந்த ஆபீசர் போட்டோவைப் பார்த்து ஒப்புதல் கொடுப்பார், சேல்ஸ்மேன் தயங்காமல் டேமேஜை எடுத்துக்கொண்டு வரலாம், ஏஜென்சி முதலாளிகளிடம் நான் நேரடியாகப் பேசிவிட்டேன் என்றேன். என் கணிப்பில் அன்றைய மீட்டிங் திரும்பிய இடம் அதுதான். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஊர்ப் பெயர், கடைப் பெயர் எல்லாம் சொல்ல ஆரம்பித்தார்கள். பழனியில் இன்ன கடை, பரமக்குடியில் இன்ன கடை என்று வரிசையாக வந்தது. எழுதிக்கொண்டேன்.

தேனி ஆபீசர் அந்தப் பெரிய கேள்வியைக் கேட்டார். "சார், விட்டுப்போன பதினாறும் அக்டோபர் தலையில ஏறுமா?"

"ஏறாதுண்ணே. அக்டோபர் நம்பர் ஏற்கெனவே குடுத்ததுதான். தீபாவளி முடியற வரைக்கும் மாத்த மாட்டோம்னு மேல பேசிட்டேன். அதுக்கப்புறம் என்ன சொல்வாங்கன்னு இப்பவே நான் வாக்கு குடுக்க முடியாது." கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் உற்சாகமாக இருந்திருக்கும். ஆனால் நவம்பரில் கம்பெனி ஏதாவது மாற்றினால் அக்டோபரில் நான் பேசிய அத்தனையும் பொய்யாகிவிடும். கையில் இருப்பதற்கு மட்டும்தான் வாக்குக் கொடுக்க வேண்டும்.

பிறகு என்ன செய்யப் போகிறோம் என்பதற்கு வந்தேன். தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. 4ஆம் தேதி சனிக்கிழமையிலிருந்து 18ஆம் தேதி சனிக்கிழமை வரை, ஞாயிறுகளை விட்டால், 13 நாள் லைன். ஒரு சேல்ஸ்மேனுக்கு ஆறு லைன், ஒரு லைனுக்கு சுமார் 40 கடை என்றால், தீபாவளிக்கு முன்னால் ஒவ்வொரு கடைக்கும் இரண்டு முறை போகலாம். நான் எடுத்த பட்டியல்படி, துணிப் பொருள் வாங்குவதை நிறுத்திய கடைகள் ஒரு லைனுக்கு எட்டு, ஒன்பது இருந்தன. நான் கேட்டது இதுதான்: ஒவ்வொரு நாளும் அந்த எட்டொன்பதில் நாலு கடை. நாலே நாலு கடையில் ஒரு பவுடரோ ஒரு சோப்போ பில் போட வேண்டும். எவ்வளவு ரூபாய்க்கு என்பது முக்கியமில்லை, முந்நூறோ நானூறோ போதும்.

ஒருவர் சிரித்துவிட்டார். விட்டது எவ்வளவு, கேட்பது எவ்வளவு என்று அவருக்குத் தோன்றியிருக்கும், நியாயம்தான். போர்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு நாளைக்கு 4 கடை, ஆறு நாளில் 24 கடை, கடைக்கு 400 ரூபாய் என்றால் ஒரு சுற்றுக்கு 9,600 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனால் சலவை சோப்பு வாரா வாரம் வாங்குகிற பொருள். அந்த 24 கடை திரும்ப ஒட்டிக்கொண்டால் பத்து வாரத்தில் ஒரு சேல்ஸ்மேனுக்கு 96,000 ரூபாய். போன காலாண்டின் பள்ளத்தை இது நிரப்பாது என்பதையும் அங்கேயே சொன்னேன். இந்தக் காலாண்டில் அதே பள்ளம் மறுபடி விழாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். பெரிய எண்ணைக் கொடுத்து "தீபாவளி சீசன்ல அடிச்சிரலாம்" என்றால் சேல்ஸ்மேன் காலையில் வண்டியை எடுக்கும்போது முதலில் எந்தக் கடைக்குப் போவது என்று தெரியாது. நாலு கடை என்றால் தெரியும். பட்டியலை லைன் வாரியாக அச்சடித்து அங்கேயே கையில் கொடுத்தேன். ஆப்பில் இருக்கிறதுதான், ஆனால் சட்டைப் பையில் மடித்து வைத்த தாளில் டிக் போடுவது வேறு.

ஒரு விஷயத்தை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஏஜென்சி குடோனில் சரக்கைத் தள்ளுவது. டார்கெட் விட்ட காலாண்டுக்கு அடுத்த மாதம் எல்லா ஆபீசர்களுக்கும் வருகிற ஆசை இது. முதல் வாரத்திலேயே பெரிய பில்லைப் போட்டுவிட்டால் எண் அழகாக இருக்கும், மேலே இருப்பவர்களும் சந்தோஷப்படுவார்கள். அப்புறம் ஏஜென்சிக்காரர் பணம் அதிலேயே முடங்கும், வேகமாக ஓடுகிற பொருளை எடுக்கக் கையில் காசு இருக்காது, கடைக்காரரிடம் போய் நம் சேல்ஸ்மேன் ஸ்டாக் இல்லை என்று சொல்லிக்கொண்டு நிற்பார். "ஏஜென்சியில பதினஞ்சு நாள் ஸ்டாக்குக்கு மேல இருந்தா யாரும் பில் போடக் கூடாது. யாராவது போடச் சொன்னா என்னக் கைகாட்டுங்க" என்றேன். அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டால்தான் மேலேயிருந்து மாதக் கடைசியில் போன் வரும்போது ஆபீசர் தைரியமாக மறுக்க முடியும்.

மொத்தம் முக்கால் மணி நேரம். அதில் நான் பேசியது பாதிகூட இருக்காது. யார் முதல், யார் கடைசி என்று தரவரிசை காட்டவில்லை. ஆளில்லாத லைனை வைத்திருக்கிறவரையும் நல்ல டவுன் லைனை வைத்திருக்கிறவரையும் ஒரே பட்டியலில் போட்டுக் காட்டினால் கடைசியில் இருப்பவர் அவமானப்படுவார், முதலில் இருப்பவர் ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டார். ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் எண்ணைப் போட்டுக் கேள்வி கேட்கிற பழக்கத்தையும் அந்த 13 நாளுக்கு நிறுத்தினோம். அதற்குப் பதிலாக ஆபீசர் தன் சேல்ஸ்மேனுக்குச் சாயங்காலம் ஒரு போன், ஒரே கேள்வி: "இன்னைக்கு எந்த நாலு கடை?"

பேச்சு உள்ளே போனதா இல்லையா என்பதை மீட்டிங் முடிந்த அன்று கண்டுபிடிக்க முடியாது. அடுத்த வாரம் வருகிற போன்களை வைத்துச் சொல்லலாம். "சார், மார்க்கெட் டல்லா இருக்கு" என்று போன் வந்தால் ஒன்றும் ஏறவில்லை. "சார், பட்டியல்ல இருக்கிற இந்தக் கடை பூட்டிட்டுப் போயிட்டாங்க, பக்கத்துக் கடையைச் சேத்துக்கவா?" என்று வந்தால் ஏறியிருக்கிறது. எனக்கு இரண்டு வகையும் வந்தன. திண்டுக்கல், தேனிப் பக்கமிருந்து கடைப் பெயரோடு போன் வந்தது. டேமேஜ் எடுத்துக்கொண்ட கடைகளில் பெரும்பாலானவை முதல் சுற்றிலேயே பில் போட்டன. உசிலம்பட்டி அண்ணாச்சி உடனே வாங்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டார்கள், அதற்கான பணம் பில்லில் கழிந்ததைப் பார்த்த பிறகு, இரண்டாவது சுற்றில் ஒரு கட்டு சோப்பு எடுத்தார்.

ராமநாதபுரம் பக்கம் எதுவும் பெரிதாக நகரவில்லை. அங்கே இரண்டு ஏஜென்சியில் ஆள் குறைவு. இருக்கிறவருக்கு ஆறு லைனுக்குப் பதில் ஒன்பது, பத்து லைன். அவரிடம் ஒரு நாளைக்கு நாலு கடை என்று கேட்பதே தப்பு, வழக்கமான கடைகளையே அவரால் முடிக்க முடியவில்லை. நடு அக்டோபரில் மழையும் பிடித்துக்கொண்டது. அந்த ஆபீசர் நன்றாகப் பேசுகிறவர், மீட்டிங்கிலும் ஆர்வமாகத்தான் இருந்தார். ஆனால் காலியான லைனுக்கு ஆள் போடாத வரைக்கும் எவ்வளவு நல்ல பேச்சும் அங்கே பலிக்காது. அதை முதல் வாரத்திலேயே புரிந்துகொண்டு, அவருக்கு மட்டும் நாலு கடை வேலையை நிறுத்திவிட்டு, ஆள் எடுப்பதுதான் உங்கள் அக்டோபர் வேலை என்று சொல்லிவிட்டேன். நவம்பரில்தான் இரண்டு பேர் கிடைத்தார்கள்.

அக்டோபர் கடைசியில் துணிப் பிரிவு டார்கெட்டை ஒட்டி வந்து நின்றது. ராமநாதபுரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் தாண்டியிருந்தது. குளியல் சோப்பும் ஷாம்பூவும் ஏறின, நன்றாகவே ஏறின. ஆனால் அது கடைகள் காலியாக இருந்த நேரத்தில் புது விலைச் சரக்கு வந்து சேர்ந்ததால் நடந்தது. நவம்பர் மீட்டிங்கில் அதையும் போர்டில் தனியாகப் பிரித்து எழுதினேன், ஏறினதில் வரியால் வந்தது எவ்வளவு, நாலு கடையால் வந்தது எவ்வளவு என்று. விழும்போது மட்டும் பிரித்துக் காட்டிவிட்டு ஏறும்போது மொத்தத்தையும் நம் கணக்கில் எழுதிக்கொண்டால் அடுத்த முறை போர்டில் போடுகிற எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள்.

இப்போது ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி, போன மாதம் வாங்கி இந்த மாதம் இன்னும் பில் போடாத கடைகளின் பட்டியலை எடுத்து, லைன் வாரியாகப் பிரித்து ஆபீசர்களுக்கு அனுப்புகிறேன். அதில் "கடை மூடியிருந்தது" என்று இரண்டு முறைக்கு மேல் பதிவான கடைகளுக்கு ஆபீசரே நேரில் போக வேண்டும் என்பது ஏற்பாடு. போனவர்கள் திரும்பி வந்து சொல்கிற காரணங்களில் பாதிக்கு மேல் டேமேஜ், இல்லாவிட்டால் யாரோ தருவதாகச் சொல்லித் தராத ஸ்கீம் தொகை.